மெகாஹெர்ட்சைக் குறைத்தால் மட்டும் மின்கலம் நீடிக்காது

விழித்து, கணக்கிட்டு, மீண்டும் உறங்கும் உணரிக் கருவிகளில், கடிகார வேகத்தைக் குறைத்தாலே மின்கலம் கூடுதல் நாள் வரும் என்று நம்புவோரை அடிக்கடி சந்திக்கிறேன். மீட்டரில் மின்னோட்டம் உண்மையிலேயே குறைந்து தெரிவதால் அந்த நம்பிக்கை வலுப்படுகிறது.

சிப்பின் இயங்குதிறன் `P = αCV²f` என்ற அளவில் அமைகிறது. இதில் C மின்தேக்கம், V மின்னழுத்தம், f கடிகார வேகம், α ஒரு துடிப்பில் நிலை மாறும் சுற்றுகளின் பங்கு. ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் சுற்றின் மின்தேக்கம் நிரம்பி வடிகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றலை V² தீர்மானிக்கிறது. வினாடிக்கு எத்தனை முறை அது நிகழ்கிறது என்பதை மட்டுமே f சொல்கிறது.

STM32L476 நுண்கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் உள்மைய மின்னழுத்தம் ரேஞ்ச் 1-இல் 1.2 வோல்ட், உச்ச வேகம் 80 மெகாஹெர்ட்ஸ். ரேஞ்ச் 2-இல் 1.0 வோல்ட், 26 மெகாஹெர்ட்ஸ். 80 லட்சம் சுழற்சிகள் தேவைப்படும் ஒரு வேலை 80 மெகாஹெர்ட்சில் 0.1 வினாடியில் முடியும். மின்னழுத்தத்தைத் தொடாமல் 26-க்கு இறக்கினால் திறன் மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் வேலை 0.31 வினாடி நீள்வதால் மொத்த இயங்கு ஆற்றல் மாறாது, கசிவு மின்னோட்டத்தின் செலவு கூடவே செய்யும். மின்னழுத்தத்தையும் 1.0 வோல்ட்டுக்குக் குறைத்தால், திறன் 23 விழுக்காட்டுக்கும் அதே வேலைக்கான ஆற்றல் 69 விழுக்காட்டுக்கும் இறங்கும்.

அப்படியானால் மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கலாமே என்றால், அதற்கு வழியில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாக மாறுவதால், நீளமான தர்க்கப் பாதையின் விடை அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் வந்து சேராது. வேகத்தைக் குறைப்பதன் மெய்யான பயன், மின்னழுத்தத்தைக் குறைக்க இடம் கிடைப்பதுதான்.

இறங்கும்போது முதலில் வேகத்தையும் பிறகு மின்னழுத்தத்தையும் குறைக்க வேண்டும். ஏறும்போது மின்னழுத்தத்தை உயர்த்தி, `PWR_SR2` பதிவேட்டில் `VOSF` பிட் 0 ஆகும்வரை காத்திருந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று ஃபிளாஷ் நினைவகம். அதே 26 மெகாஹெர்ட்சுக்கு ரேஞ்ச் 1-இல் 1 காத்திருப்புச் சுழற்சி போதும், ரேஞ்ச் 2-இல் 3 வேண்டும். இதை மாற்ற மறந்தால் சில பலகைகள் ஒழுங்காக ஓடும், சில மட்டும் காரணமின்றி ஹார்டுஃபால்ட்டில் விழும். குறை நிரலில் இருப்பதாக எண்ணித் தேடுவதில் நாள்கள் கழியும்.

இன்னொரு வரம்பும் உண்டு. சிப்பின் உள்ளே எல்.டி.ஓ. சீராக்கி இருந்தால், உள்மையம் இழுக்கும் அதே மின்னோட்டத்தையே மின்கலமும் தருகிறது. மிச்சமாகும் வோல்ட்டுகள் வெப்பமாக வீணாகின்றன. எனவே மின்கலத்தின் பக்கம் சேமிப்பு V² அளவில் கிடைக்காமல் V அளவிலேயே கிடைக்கும்: ஏறத்தாழ 31 விழுக்காட்டுக்குப் பதில் 17. முழுப் பலனையும் நெருங்க, உள்மையத்துக்குச் சுவிட்சிங் சீராக்கி வழியாக மின்சாரம் தர வேண்டும். எதைத் தேர்ந்தாலும், அளக்க வேண்டியது விழித்திருக்கும் நேரத்து மின்னோட்டத்தை மட்டுமல்ல. ஒரு முறை விழித்து உறங்கும்வரை மின்கலத்திலிருந்து வெளியேறிய மொத்த மின்னூட்டத்தை.