கறுப்பாகப் போனாலும் அது ரத்தம்தான்

சிங்கப்பூர் தேக்காவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், வயது 68, மனைவியோடு என் கிளினிக்குக்கு வந்தார். மூன்று நாளாக ஒரே அசதி, எழுந்தால் தலை சுற்றல். மலம் கறுப்பாகப் போவதை அந்த அம்மாதான் சொன்னார். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறாருல்ல, அதனாலதான் டாக்டர்," என்றார்.

இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், உண்மைதான். ஆனால் கெட்டியாக, கரும்பச்சை கலந்து இருக்கும். அதனால் நான் இன்னொன்று கேட்டேன்: "ஃப்ளஷ் பண்ணினா போயிடுதா ஐயா?"

"எங்க போகுது! ரெண்டு தடவை தண்ணி விட்டாலும் தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. வாடை வேற தாங்கல."

முந்தின நாள் வாந்தியும் எடுத்திருக்கிறார். குடித்த கோப்பிதான் வந்தது என்று விட்டுவிட்டார்கள். குடித்த கோப்பி நீராகத்தான் வரும். இவருக்கு வந்ததோ, காப்பிக் கடைத் துணி வடிகட்டியில் தங்கும் சக்கை போலப் பழுப்புத் துகள்கள்.

இரண்டும் ரத்தம்தான். இரைப்பையில் கசியும் ரத்தத்தின் சிவப்பை அங்குள்ள அமிலம் பழுப்பாக்கித் துகளாகத் திரிக்கிறது. அது வாந்தியாக வராமல் குடலுக்குள் இறங்கினால், செரிமான நீரும் கிருமிகளும் பல மணி நேரம் அதைச் சிதைத்துத் தாராக்கிவிடும். அதனால்தான் இந்தக் கறுப்பு, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் என்று பெரும்பாலும் மேல்பகுதியைக் காட்டுகிறது. 50 முதல் 100 மில்லிலிட்டர் ரத்தமே மலத்தைக் கறுப்பாக்கப் போதும். மேலே ரத்தம் மளமளவென்று கொட்டினால் கறுக்க நேரமில்லாமல் சிவப்பாகவே வரும். அது இன்னும் ஆபத்து.

அப்புறம் மாத்திரைகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். இதயத்துக்கு ஆஸ்பிரின், ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால். கூடவே முட்டி வலிக்கு, ஊரிலிருந்து தம்பி மகன் கொண்டுவந்த டைக்ளோஃபினாக், இரண்டு வாரமாக. இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்தை வலி மாத்திரை குறைக்கும். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும். புண் வந்தால் வலிக்குமே என்பார்கள். அந்த வலியையும் அதே மாத்திரை மறைத்துவிடும். இவருக்கு வயிறு வலிக்கவே இல்லை.

நாடித்துடிப்பு 82. ரத்தம் இழந்தவருக்கு அது ஏறியிருக்க வேண்டும், அட்டெனலால் ஏறவிடவில்லை. படுத்திருக்கும்போது 126 இருந்த அழுத்தம், எழுந்து நின்றதும் 98. உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன்.

மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.2-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றி, மறுநாள் காலை வாய்வழியே கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். முன்சிறுகுடலில் புண், அதில் ரத்தக்குழாய் ஒன்று தெரிந்தது. ஊசி போட்டு, கிளிப் மாட்டி அடைத்தார்கள்.

இப்படி ஒட்டும் கறுப்பு மலமோ கோப்பிச் சக்கை வாந்தியோ வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தலை சுற்றினாலோ வியர்த்தாலோ டாக்சி வேண்டாம், 995தான். போகும்வரை எதுவும் சாப்பிடாதீர்கள், எண்டோஸ்கோப்பிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், ஊரிலிருந்து வந்ததையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரையை அன்றே நிறுத்துங்கள். ஆஸ்பிரினை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மட்டும் அங்குள்ள மருத்துவர் சொல்லட்டும்.