வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது: ஒரு முழக்கத்தின் உள்ளே

1950களிலும் 60களிலும் தி.மு.க. மேடைகளில் ஓங்கி ஒலித்த முழக்கம் ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’. ஐந்தாண்டுத் திட்டங்களின் பெரிய தொழிற்சாலைகள் வடக்கே போகின்றன, தெற்கு புறக்கணிக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு அது. ஒரு நீண்ட பொருளாதார வாதம் நான்கே சொற்களில் அடங்கிவிட்டது.

அதே கருத்தை ‘வடக்கு செழிக்கிறது, தெற்கு நலிகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். பொருள் மாறவில்லை, முரணும் அப்படியே இருக்கிறது. ஆனால் கூட்டம் இதைத் திரும்பச் சொல்லாது. காணாமல் போனது மோனை. மூல முழக்கத்தில் மோனை எங்கே விழுகிறது என்பதுதான் நுட்பம். ‘வ’ வடக்கையும் வாழ்வையும் கட்டுகிறது, ‘தெ’, ‘தே’ தெற்கையும் தேய்வையும் கட்டுகின்றன. அதாவது எழுவாயையும் பயனிலையையும் ஒலி சேர்த்துப் பிடிக்கிறது. பிறகு முரண் வந்து அந்த இரண்டு ஜோடிகளையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ‘வடக்கு தேய்கிறது’ என்று யாராவது மாற்றிச் சொன்னால் காதே ஒப்புக்கொள்ளாது.

இதற்கு நினைவின் பக்கமிருந்தும் ஒரு விளக்கம் உண்டு. உளவியலாளர் ப்ரூக் லீயும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வரியில் வந்த மோனை ஒலி பின்னால் மறுபடி வரும்போது, முதல் வரியில் படித்த சொற்களும் வாசகரின் நினைவில் மேலெழுவதைக் கண்டார்கள். வாய்விட்டுப் படித்தாலும் மனதுக்குள் படித்தாலும் அப்படித்தான். முழக்கத்தில் ‘தேய்கிறது’ என்று கேட்கும்போது ‘தெற்கு’ இன்னொரு முறை தூண்டப்படுகிறது என்று இதை வைத்து ஊகிக்கலாம்.

நினைவில் நிற்பது வேறு, நம்பத் தோன்றுவது வேறு. அந்த இரண்டாவதைச் சோதித்தவர்கள் அமெரிக்காவில் மாத்யூ மெக்லோனும் ஜெசிகா டோஃபிக்பக்‌ஷும். 2000இல் வெளியான அவர்கள் ஆய்வு மோனையைப் பற்றியதல்ல, இறுதி ஒலி ஒத்துவரும் இயைபு பற்றியது. ஆனாலும் இங்கே பொருந்தும். அதிகம் அறியப்படாத ஆங்கிலப் பழமொழிகளை இயைபோடும், ஒரு சொல்லை மாற்றி இயைபைக் கெடுத்தும் கொடுத்தார்கள். இயைபோடு இருந்தவை கூடுதல் உண்மையாகத் தோன்றின. அப்புறம் ‘சொல்லப்படும் கருத்தை மட்டும் பாருங்கள், சொல்லும் அழகைத் தனியே வையுங்கள்’ என்று எச்சரித்தபோது அந்தச் சலுகை பெரிதும் குறைந்தது.

கெட்டிக்காரத்தனத்துக்கும் மலிவுக்கும் நடுவே உள்ள கோடு இந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மலிவான முழக்கம் அந்த எச்சரிக்கையைத் தானே கொடுத்துவிடுகிறது. ‘தங்கத்தில் தரம், தள்ளுபடியில் தாராளம்’ என்று ஒரு நகைக்கடை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு சொல்லும் ‘த’வில் தொடங்குகின்றன. ஒலிக்காகத் தேடிப் பிடித்தது உடனே தெரிகிறது. எந்த நகைக்கடையின் பெயர்ப்பலகையிலும் இதை மாட்டலாம். எதிரும் இல்லை, மறுக்கும்படியான கூற்றும் இல்லை.

‘தேய்கிறது’ அப்படியல்ல. மோனைக்காக வந்த சொல்தான், ஆனால் மோனையே வேண்டாம் என்றாலும் அதுவே சிறந்த சொல்லாக இருந்திருக்கும். நிலவு தேய்வதுபோல், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது. குற்றச்சாட்டும் அதுதானே! இன்னொன்று, ‘வாழ்கிறது’ என்பதற்கு நேர் எதிர்ச்சொல் ‘தேய்கிறது’ அல்ல. தேய்வதற்கு எதிர் வளர்வது. அச்சுப் பிசகாத எதிர்ச்சொல் ஜோடியாக இல்லாததால், கேட்பவர் அந்தச் சிறிய இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறார்.

அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்பதில் முரணே இல்லை, மூன்று ‘க’ மட்டும்தான். ஆனாலும் திணித்ததாகத் தோன்றவில்லை. செய்ய வேண்டியது, செய்யும் விதம், தாண்டக் கூடாத எல்லை என்று மூன்றும் வெவ்வேறு பொருள். எழுத்துகளும் மூன்று, ஐந்து, ஆறு என்று நீண்டுகொண்டே போகின்றன. வரிசையைத் திருப்பினால் கடைசியில் வேகம் இறங்கிவிடும்.

நல்ல கட்டமைப்பும் தேய்ந்து மலிவாகலாம். ‘குறைந்த விலை, நிறைந்த தரம்’ என்பதில் எதுகை இருக்கிறது, முரணும் உண்மையான வேலை செய்கிறது. விலை குறைந்தால் தரமும் குறையும் என்ற சந்தேகத்துக்கு அது நேரான பதில். முதலில் எழுதியவர் திறமைசாலிதான். ஆயிரம் கடைகள் எழுதிய பிறகு அதை யாரும் படிப்பதே இல்லை.

முரணுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதில் இரண்டே இடங்கள். 1950களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால் எஃகு நாடெங்கும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தது. தாதுவும் நிலக்கரியும் கொண்ட அன்றைய பீகார், தொழிற்சாலைகளை ஈர்க்க இருந்த பெரிய அனுகூலத்தை அதனால் இழந்தது. வடக்கு என்று எண்ணப்படும் பகுதியிலேயே தேய்ந்த அந்த மாநிலத்துக்கு முழக்கத்தில் இடமில்லை.