வரிசையை விட்டுப் போனவர்கள் கால்பேக்கில் திரும்பி வரும்போது

மாதத்தின் ஐந்தாம் தேதி, மாலை நான்கு மணி. இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கால் சென்டர். சுவரில் இருக்கும் பெரிய திரையில், காத்திருக்க முடியாமல் துண்டித்தவர்களின் விகிதம் 3% என்று பச்சை நிறத்தில் தெரிகிறது. முந்தைய மாதம் இதே தேதியில் அது 12 சதவீதத்துக்கு மேல். மேலாளர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். என் மேசையில் திறந்திருந்த கால்பேக் பட்டியலில் 120 பேருக்கு மேல் நிலுவையில் இருந்தார்கள். அவர்களில் முதலாமவர் காலை 11.10 மணிக்கே பதிந்தவர். “இரண்டு மணி நேரத்துக்குள் நாங்களே உங்களை அழைப்போம்” என்று அவரிடம் நம் தானியங்கி ஐ.வி.ஆர். குரல் சொல்லியிருந்தது.

எந்த அரை மணி நேரத்தில் எத்தனை பேர் இருக்கையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. அன்று தவறியது அந்தக் கணக்கு. கால்பேக் வசதி கொண்டுவரப்போகும் ஒவ்வொரு மையத்திலும் இதே தவறு நடக்க வாய்ப்பு இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சாதாரணத் திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலை 10 முதல் 12 வரை அரை மணிக்கு 120 அழைப்புகள் வருகின்றன. ஓர் அழைப்பைப் பேசி முடித்துக் குறிப்பு எழுதச் சராசரியாக 5 நிமிடம். ஆக ஒவ்வொரு அரை மணிக்கும் 600 நிமிட வேலை வருகிறது. முப்பதால் வகுத்தால் 20 பேர் மூச்சுவிடாமல் பேச வேண்டிய சுமை. எங்களிடம் இருந்ததோ 18 பேர். அவர்கள் இடைவெளியே இல்லாமல் பேசினாலும் அரை மணிக்கு 108 அழைப்புகளுக்கு மேல் எடுக்க முடியாது.

ஆள் கணக்குக்குப் பெரும்பாலான மையங்கள் பயன்படுத்தும் சூத்திரம், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. எர்லாங் சி என்று அழைக்கப்படும் அந்தச் சூத்திரத்தில், வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரமானாலும் நின்றுகொண்டே இருப்பார். அதனிடம் 20 பேர் சுமையையும் 18 பேரையும் கொடுத்தால், வரிசை முடிவில்லாமல் வளரும் என்றுதான் சொல்லும். ஆனால் எங்கள் திங்கட்கிழமைகள் அப்படி உடைந்துபோகவில்லை. காரணம், மனிதர்கள் பொறுமை இழந்து வைத்துவிடுகிறார்கள். 120 பேரில் 15 பேர் துண்டித்துவிட, மீதி 105 பேரை 18 பேர் சமாளித்தார்கள். அந்த 15 பேரின் பொறுமையின்மைதான் எங்கள் ஆள் பற்றாக்குறையை நிரப்பிக்கொண்டிருந்தது. இந்தப் பொறுமையின்மையைக் கணக்கில் சேர்க்கும் வழியை ஸ்வீடனைச் சேர்ந்த கோனி பாம் 1940-களிலேயே காட்டிவிட்டார். எர்லாங் ஏ என்று பெயர் பெற்ற அந்த முறை எல்லா மையங்களிலும் புழக்கத்தில் இல்லை.

பொறுமையை அளப்பதிலேயே ஒரு பிழை பரவலாக நடக்கிறது. துண்டித்தவர்கள் சராசரியாக எத்தனை நொடி நின்றார்கள் என்று பார்த்து, அதுவே வாடிக்கையாளரின் பொறுமை என்று எழுதிவிடுகிறார்கள். பதில் கிடைத்தவர்களும் பொறுமையோடு நின்றவர்கள்தானே? இணைப்பு கிடைத்ததால் அவர்களின் பொறுமை எங்கே முடிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். ஆகவே அனைவரும் நின்ற மொத்த நேரத்தைத் துண்டித்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எங்கள் அரை மணி நேரத்தில் 120 பேரும் சராசரியாக 55 நொடி நின்றார்கள். மொத்தம் 6,600 நொடி. பதினைந்தால் வகுத்தால் 440 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்கு மேல். துண்டித்தவர்களை மட்டும் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தை ஒட்டிய எண்தான் கிடைத்திருக்கும். “நம் மக்களுக்குப் பொறுமையே இல்லை” என்ற முடிவுக்கும் வந்திருப்போம்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. உண்மையான தேவை எவ்வளவு? இரண்டு மணி நேரத்தில் வந்தவை 480 அழைப்புகள், எடுத்தவை 420. பல மையங்கள் எடுத்த அழைப்புகளை வைத்தே அடுத்த வாரத்தைத் திட்டமிடுகின்றன. அப்படிச் செய்தால் கைவிட்டுப் போனவர்கள் உலகத்திலேயே இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். வந்த 480-ஐ வைத்தாலும் சரியில்லை. துண்டித்தவரே பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்திருப்பார். நாங்கள் தொலைபேசி எண்களைப் பொருத்திப் பார்த்தோம். 480 அழைப்புகள் 450 எண்களிலிருந்து வந்திருந்தன. ஆக 450 பேருக்கு நம்மிடம் வேலை இருந்தது. 420 பேரிடம் பேசினோம். 30 பேர் பேசாமலே போனார்கள். நான் நம்புவது இந்த 450-ஐத்தான். இதை எடுக்கப் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. அழைப்புப் பதிவேட்டில் ஒரு வடிகட்டல் போதும்.

இப்போது கால்பேக் வருகிறது. முதலில் தொலைந்துபோன அந்த 30 பேர் திரும்பி வருகிறார்கள். அது நல்லதுதான், அதற்காகத்தான் வசதியே. ஆனால் அவர்களோடு அவர்களின் வேலையும் திரும்பி வருகிறது. அதற்கு மேல், கால்பேக்குக்கென்றே தனி வேலை பிறக்கிறது. எங்கள் கணக்கில் 450 பேரில் 90 பேர் கால்பேக் கேட்டார்கள். முதல் முறை அழைத்தபோது 60 பேர்தான் எடுத்தார்கள். மிச்சம் 30 பேரில் இரண்டாம் முறை 14 பேர், மூன்றாம் முறை 6 பேர். பத்துப் பேர் கடைசிவரை எடுக்கவில்லை. மொத்தம் 56 முயற்சிகள் வீண். மணி ஒலிக்க விட்டு, காத்திருந்து, குறிப்பு எழுதி முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

எடுத்த 80 பேரிடமும் பேச்சு 5 நிமிடத்தில் முடியவில்லை. 6 நிமிடம் ஆனது. ஏன் என்று அறிய நான் ஒரு மதியம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். “நீங்கள் உண்மையிலேயே அந்த நிறுவனம்தான் என்று நான் எப்படி நம்புவது?” என்று ஒரு பெண் கேட்டார். அவர் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. மோசடி அழைப்புகள் நிறைந்த காலம் இது. ஏஜென்ட் தன் பெயரைச் சொல்லி, காலையில் அவர் பதிந்த நேரத்தைச் சொல்லி நம்பவைப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை எண், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கால்பேக் எந்த எண்ணிலிருந்து வரும் என்பதைப் பதியும்போதே குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். அறிமுகமில்லாத எண்ணை எடுக்காதவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கூட்டிப் பார்ப்போம். நேரடியாகப் பேசிய 360 பேருக்கு 1,800 நிமிடம். கால்பேக்கில் கிடைத்த 80 பேருக்கு 480. வீண் முயற்சிகளுக்கு 56. மொத்தம் 2,336 நிமிடம். 18 பேரின் இரண்டு மணி நேரம் என்பது 2,160 நிமிடம்தான். கால்பேக் இல்லாத காலத்தில் இதே ஆட்கள் 2,100 நிமிட வேலை செய்து தப்பித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது 176 நிமிட வேலை பகல் 12 மணியைத் தாண்டி வழிகிறது.

திங்கட்கிழமையில் இது தாங்கியது. பிற்பகல் ஒன்றரை முதல் மூன்றரை வரை அழைப்புகள் பாதியாகக் குறையும். அரை மணிக்கு 60 அழைப்பு என்றால் 10 பேரின் சுமை. 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்ற இலக்குக்காக அங்கே 14 பேரை வைத்திருப்போம். நான்கு பேர் அளவுக்கு ஓய்வு நேரம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம். அதை முழுவதும் கால்பேக்குக்குக் கொடுத்துவிட்டால் உள்ளே வரும் அழைப்புகள் தேங்கும். பாதியை, அதாவது 240 நிமிடத்தைக் கொடுக்கலாம். 176 நிமிடம் அதற்குள் அடங்கிவிட்டது.

ஐந்தாம் தேதிக்கு அப்படி ஒரு பிற்பகல் கிடையாது. அன்றுதான் தவணை வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட் ஆகும் நாள். பணம் பிடிபட்டதா, ஏன் திரும்பியது, அபராதம் எவ்வளவு என்று காலை ஒன்பதிலிருந்து மாலைவரை அலை ஓயாமல் அடிக்கும். முன்பெல்லாம் பொறுமை இழந்தவர்கள் விலகிப் போய்ச் சுமையைக் குறைத்தார்கள். இப்போது ஒவ்வொருவரும் பட்டியலில் ஏறினார்கள். பட்டியலை இறக்கிவைக்க இடமே இல்லை. இரண்டு மணி நேர வாக்கு பொய்த்ததும் அவர்கள் மறுபடி அழைத்தார்கள். அப்படி அழைத்து, பேசி, பிரச்சினை தீர்ந்தவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கவும் இல்லை. அன்று நிலுவையில் இருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பதில் பெற்றவர்கள் என்று இரவில் எண்களைப் பொருத்தியபோதுதான் தெரிந்தது. ஏஜென்ட்கள் தீர்ந்த பிரச்சினைக்காக அழைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். திரை மட்டும் பச்சையாகவே இருந்தது. கால்பேக் கேட்டவர் துண்டித்தவர் கணக்கில் சேர மாட்டார் அல்லவா?

கால்பேக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரிசையில் உங்கள் இடத்தைப் பிடித்துவைத்து, முறை வந்ததும் அழைப்பது. வாடிக்கையாளரின் காதுக்கு ஓய்வு கிடைக்கும். மையத்தின் சுமை ஒரு நிமிடம்கூட நகராது, அதே நெரிசலில்தான் அழைக்கிறோம். மற்றது, நேரம் குறித்துக்கொள்வது. அதுதான் வேலையைக் காலையிலிருந்து பிற்பகலுக்குத் தள்ளும். நாங்கள் முதல் வகையை வாங்கிவிட்டு இரண்டாம் வகையின் பலனை எதிர்பார்த்தோம்.

பிறகு மாற்றினோம். ஒரு கால்பேக்குக்கு வீண் முயற்சியும் சேர்த்து 6 நிமிடம் என்று வைத்தால், 240 நிமிடத்தில் 40 பேருக்கு இடம். ஆகவே திங்கட்கிழமை காலை 40 இடங்கள் மட்டுமே திறக்கிறோம், நிரம்பிவிட்டால் ஐ.வி.ஆர். கால்பேக்கைப் பற்றிப் பேசாது. எதிர்பார்க்கும் காத்திருப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் கேட்கிறோம். இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் இணைப்பு கிடைக்கவேண்டியவரும் எண்ணை அழுத்திவிட்டுப் போய்விடுவார். 5 நிமிட வேலை 6 நிமிடம் ஆகிவிடும். மீதமுள்ள 410 பேருக்குக் காலையில் 2,050 நிமிட வேலை. அதற்கு 18 பேர் வைத்தால் நூற்றுக்கு 95 பங்கு நேரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கவும் எழ முடியாது. ஆகவே 10 முதல் 12 வரை மட்டும் இரண்டு பேரைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். சுமை 85 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த இருவரைக் கேட்டபோது, கால்பேக் வந்தால் ஆட்கள் குறைவார்கள் என்றுதானே வாங்கினோம் என்று நிதிப் பிரிவில் கேட்டார்கள். 450 எண்களின் பட்டியலைக் காட்டினேன். கால்பேக் வசதியை விற்றவர் சொன்ன ஆள் மிச்சம், கைவிட்டுப் போனவர்களை மனிதர்களாக எண்ணாத கணக்கிலிருந்து வந்தது.

உள்ளே வரும் அழைப்பின் எண் நிலுவைப் பட்டியலில் இருந்தால் பேசி முடித்ததும் அது தானாக நீங்கும்படி செய்துவிட்டோம். ஐந்தாம், ஆறாம் தேதிகளில் கால்பேக்கை நிறுத்திவைத்து, எத்தனை நிமிடம் ஆகும் என்பதை மட்டும் சொல்கிறோம். சுவர்த் திரையில் துண்டித்தவர்களின் விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னோர் எண் சேர்ந்திருக்கிறது: நிலுவையில் இருப்பவர்களில் முதலில் பதிந்தவர் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார் என்பது. இதை எழுதும்போது அது 1 மணி 25 நிமிடம்.