ரொறன்ரோவில் காலை எட்டரையா, ஒன்பதரையா?

சென்னையிலிருந்து இணையவழியில் கல்வெட்டு வாசிப்பு கற்றுத்தரும் தோழி ஒருவர், கனடாவிலுள்ள மாணவி எழுதிய குறிப்பை எனக்கு அனுப்பிவைத்தார். 2026 மார்ச் முதல் வாரத்தில் வந்த குறிப்பு அது.

"வணக்கம் ரீச்சர். வகுப்பு சனிக்கிழமை ஐஎஸ்டி மாலை 7 மணி என்று போட்டிருக்கிறீங்கள். ரொறன்ரோவில் நான் காலை எட்டரைக்குச் சேர்ந்துகொண்டு வந்தேன். இந்த ஞாயிறு எங்களுக்கு மணிக்கூடு மாறுது. அதற்குப் பிறகு எத்தனை மணிக்கு வர வேணும்? லண்டனில் இருக்கிற என்ர சிநேகிதி தனக்கு நேரம் மாறவில்லை என்கிறாள். யார் சொல்றது சரி?"

இருவர் சொல்வதும் சரிதான். இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மாலை 7 மணி என்பது ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரப்படி, அதாவது யுடிசியில், பிற்பகல் 1:30. ரொறன்ரோ குளிர்காலத்தில் யுடிசிக்கு 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் 4 மணி நேரம். ஆகவே மார்ச் 7 அன்று எட்டரைக்கு இருந்த வகுப்பு மார்ச் 14 அன்று ஒன்பதரைக்கு. லண்டன் தோழிக்கு மார்ச் 28 வரை மதியம் 1:30. மார்ச் 29 ஞாயிறு அங்கும் கடிகாரம் மாறுவதால் ஏப்ரல் 4 முதல் 2:30. நடுவில் மூன்று வாரம், வழக்கமாக ஐந்து மணி நேர இடைவெளி உள்ள இந்த இரு நகரங்களுக்கும் இடையே நான்கு மணி நேரம்தான். இலையுதிர் காலத்தில் லண்டன் அக்டோபர் 25 அன்றும் ரொறன்ரோ நவம்பர் 1 அன்றும் பழைய நேரத்துக்குத் திரும்புகின்றன. அப்போது குழப்பம் ஒரு வாரத்தோடு போய்விடும்.

பூமி சுழல்வதும் 15 பாகைக்கு ஒரு மணி என்பதும் பள்ளியில் படித்ததுதான். என்னை ஈர்ப்பது வேறு கேள்வி: இந்த மாணவியின் கைப்பேசிக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? சூரியனைப் பார்த்து அது கணக்கிட முடியாது. மார்ச் இரண்டாம் ஞாயிறு என்பது இயற்கை வகுத்த நாளல்ல, அரசுகள் வகுத்தது. 2005இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி 2007 முதல் அந்த நாளைக் கொண்டுவந்தது. ரொறன்ரோவும் அதையே பின்பற்றியது. ஒவ்வொரு நாடும் இப்படி எடுத்த முடிவுகளை யாரோ உட்கார்ந்து எழுதிவைத்தால்தான் உண்டு. எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு நேர மண்டலத் தரவுத்தளம் என்று பெயர். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது அதைப் பேணுபவர் பால் எகர்ட். ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. சுருக்கிக் கட்டினால் முழுத் தரவும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

அதில் ரொறன்ரோவுக்கு இன்று பொருந்தும் விதி இரண்டே வரி:

```
Rule Canada 2007 max - Mar Sun>=8 2:00 1:00 D
Rule Canada 2007 max - Nov Sun>=1 2:00 0    S
```

முதல் வரியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். 2007 முதல், முடிவு குறிக்கப்படாமல், ஒவ்வொரு மார்ச்சிலும், `Sun>=8`. எட்டாம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் ஞாயிறு என்று பொருள். மாதத்தின் முதல் ஞாயிறு 1க்கும் 7க்கும் நடுவில்தான் விழ முடியும். ஆகவே 8 தொடங்கித் தேடினால் கிடைப்பது எப்போதும் இரண்டாம் ஞாயிறு. எந்த ஆண்டுக்கும் தேதியை எழுதிவைக்கத் தேவையில்லை. 2026இல் மார்ச் 1 ஞாயிறு, எனவே விடை மார்ச் 8. 2050க்கும் இதே ஆறு எழுத்துகள் போதும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அடுத்து `2:00`. அந்த ஊர்ச் சுவர்க்கடிகாரம் இரண்டு காட்டும்போது என்று அர்த்தம். `1:00` என்றால் ஒரு மணி நேரம் கூட்டு. கடைசியில் நிற்கும் `D`, மண்டலப் பெயரின் நடு எழுத்து: `EST` என்பதை `EDT` ஆக்குவது அதுதான். இப்போது ஐரோப்பிய விதியைப் பக்கத்தில் வையுங்கள்:

```
Rule EU 1981 max - Mar lastSun 1:00u 1:00 S
```

`lastSun` கடைசி ஞாயிறு. `1:00` உடன் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய `u`, இது உள்ளூர்க் கடிகாரம் அல்ல, யுடிசி என்று சொல்கிறது. ஆகவே லிஸ்பனும் பாரிஸும் ஏதென்ஸும் தங்கள் கடிகாரம் என்ன காட்டினாலும் ஒரே நொடியில் மாறுகின்றன. வட அமெரிக்காவிலோ ஒவ்வொரு மண்டலமும் தன் இரண்டு மணி வரும்வரை காத்திருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் முதலில், ஒரு மணி நேரம் கழித்து ரொறன்ரோ, பிறகு வின்னிபெக். இரண்டு கண்டங்களின் இரண்டு வேறு ஆட்சிமுறைகள், ஒரு `u` இருப்பதிலும் இல்லாததிலும் தெரிகின்றன.

சரி, விதிகள் இவ்வளவு துல்லியமாக இருந்தும் மாணவர்கள் ஏன் தவறான நேரத்துக்கு வருகிறார்கள்? வாராவாரம் வரும் வகுப்பை நாட்காட்டி எப்படிச் சேமிக்கிறது என்பதில்தான் சிக்கல். ஆசிரியர் அனுப்பிய அழைப்பு, இந்தியா முழுவதற்கும் உரிய `Asia/Kolkata` மாலை 7 என்று இடப்பெயரோடு சேமிக்கப்படுகிறது. மாணவியின் கைப்பேசி ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அன்றைய விதிப்படி தனித்தனியாகக் கணக்கிடுகிறது. அழைப்பைப் பயன்படுத்தாமல், "சனிதோறும் காலை 8:30" என்று தானே குறித்துக்கொண்டிருந்தால்? அது `America/Toronto` எட்டரையாகப் பதிவாகும். மார்ச் 14 அன்று அவர் சேரும்போது சென்னையில் மாலை 6. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கோடையில் ஒன்பதரை என்று குறித்தவருக்கு இதைவிட மோசம். நவம்பர் 7 அன்று அவர் வரும்போது சென்னையில் இரவு 8. ஒரு மணி நேர வகுப்பு முடிந்தே போயிருக்கும். கடிகாரம் மாறிய பிறகு ஒரு மணி முன்போ பின்போ போய் நின்றால், கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். குறிப்பு எந்த ஊரின் பெயரில் இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் யுடிசியில் சேமித்தால் தீராதா என்று நிரல் எழுதுவோர் கேட்பார்கள். நடந்து முடிந்தவற்றுக்குத் தீரும். வரப்போகும் வகுப்புகளுக்குத் தீராது. சென்னை ஆசிரியருக்கு அது சரியாக வருவது, இந்தியா கடிகாரத்தை மாற்றாத ஒரே காரணத்தால். ஆசிரியர் லண்டனிலும் மாணவர் மதுரையிலும் இருந்தால், மார்ச்சில் யுடிசி 13:30 என்று பூட்டிவைத்த வகுப்பு, ஏப்ரலில் ஆசிரியரின் கடிகாரப்படியே ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விடும். வகுப்பு எந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதோ அந்த ஊரின் பெயர் குறிப்பில் இருந்தாக வேண்டும். "ஐஎஸ்டி" என்று மட்டும் போடுவதும் போதாது. இஸ்ரேலின் நேரத்துக்கும் அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். "சென்னை நேரம் மாலை 7" என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நேரடியாகவே கேட்டுவிடலாம்:

```
TZ=America/Toronto date -d 'TZ="Asia/Kolkata" 2026-03-14 19:00'
```

காலை 9:30 என்று விடை வரும்.

விதியை முன்கூட்டியே எழுத முடியாத இடங்களும் உண்டு. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ரமலான் முடியும்வரை அதைத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. கிறித்தவ நிறுவனங்கள் பல அதை ஏற்கவில்லை. ஒரே நாட்டில் சில நாட்கள் இரண்டு நேரம் நடந்தது. பிறகு அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. இத்தகைய அறிவிப்பு வந்தால் தரவுத்தளத்தைத் திருத்தி, அது ஒவ்வொரு கருவிக்கும் போய்ச் சேர வேண்டும். மேம்படுத்தாத பழைய கைப்பேசி பழைய சட்டத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்டாரியோவும் 2020இல் கோடை நேரத்தை நிரந்தரமாக்கச் சட்டம் இயற்றி, கியூபெக்கும் நியூயார்க்கும் சேரட்டும் என்று காத்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரும் நாளில், மற்ற மாகாணங்களும் பயன்படுத்தும் மேலே பார்த்த `Canada` விதி அப்படியே இருக்க, ரொறன்ரோவின் பதிவில் புதிய வரி ஒன்று வந்து உட்காரும்.

உலகமே சார்ந்திருக்கும் இந்த வேலையைச் செய்வோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 2011இல் ஒரு வழக்கு வந்து தரவுத்தளம் சில நாட்கள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. வழக்குப் போட்டது அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம். பழைய நேர மாற்றத் தகவல்கள் தன் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது அதன் வாதம். இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தரவுத்தளத்தைப் பொறுப்பேற்றது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. ஓர் ஊரில் கடிகாரம் எப்போது மாறியது என்பது வரலாற்று உண்மை. அதை யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இதைப் பேணுபவர்களுக்கு அரசுகளும், இதை வைத்துச் சம்பாதிக்கும் பெருநிறுவனங்களும் நிதி ஒதுக்க வேண்டும். புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது நம் ஆய்வு நிதியின் பெரிய குறை.

ஜாதகம் கணிப்பவர்களுக்கும் இந்தத் தரவு வேண்டும் என்பது உண்மை. பிறந்த நேரத்தில் கிரகம் எங்கே இருந்தது என்பது வானியல் கணக்கு. அதற்குச் சரியான நேரம் தேவை. அதிலிருந்து திருமணப் பொருத்தம் கிடைக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்காக வரலாற்றைத் தோண்டும்போது கிடைப்பவை அருமையானவை. `Asia/Kolkata` பதிவைத் திறந்தால், 1906க்கு முன் மெட்ராஸ் நேரம் இருக்கிறது: யுடிசியோடு 5 மணி 21 நிமிடம் 10 நொடி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியா ஆறரை மணி நேரம் முன்னே ஓடியதும் இருக்கிறது.

இலங்கைக்கு `Asia/Colombo` என்ற ஒரே பெயர்தான். மின் நெருக்கடியால் 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அக்டோபரில் ஆறுக்கும் நேரம் மாறி, 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரை நேரமே புழக்கத்தில் இருந்தது. அதற்கென்று தரவுத்தளத்தில் தனிப் பெயர் கிடையாது. 1998இல் வன்னியில் பழைய கடிகாரப்படி காலை 6 மணிக்குப் பிறந்த குழந்தையின் நேரத்தை இன்று ஒரு மென்பொருளில் கொடுத்தால், அது ஆறு மணி நேரத்தைக் கழித்து அரை மணி நேரம் தவறான யுடிசியைத் தரும். எந்த மேம்படுத்தலும் இதைச் சரிசெய்யாது. அந்த வீட்டில் அன்று எந்த நேரம் பார்த்தார்கள் என்று பெற்றோரைத்தான் கேட்க வேண்டும்.