பாதி வீட்டுக்குப் பத்திரம், ஒன்பதில் ஒரு பங்கு வீடு

செட்டிநாட்டில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது "பத்திரம் கிளியரா?" என்றுதான். பத்திரம் எழுதி, சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்து, ஆவண எண்ணும் விழுந்துவிட்டால் வீடு நம்முடையது என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தைத்தான். இன்னார் இன்ன சொத்தை இன்னாருக்கு விற்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி. விற்க அவருக்கு உரிமை இருந்ததா என்ற கேள்விக்குள் அது போவதே இல்லை.

தமிழ்நாட்டில் விற்பவர் மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒரு விதி இருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டுப்பாடு 1908 சட்டத்துக்கு முரண் என்று ரத்து செய்தது. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை. விற்பவரிடம் என்ன உரிமை இருக்கிறதோ அது மட்டும்தான் வாங்குபவருக்குப் போகும் என்பது தீர்ப்பின் சாரம். மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலும் இந்த அடிப்படை மாறாது. அதில் இருப்பது பெரும்பாலும் தாத்தாவின் பெயர். அவருக்குப் பிறகு யார் யார் என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீடு என்று வைத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் இதே கதையுள்ள வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். மலாயாவில் கொண்டுவிற்றுச் சம்பாதித்த சொந்தப் பணத்தில் ஐயா 1931-ல் மனை வாங்கிக் கட்டினார். 1962-ல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் மனைவி ஆச்சி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருந்தார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. 1975-ல் ஆச்சியும் உயில் இல்லாமல் போனார். அவருடைய கால் பங்கு பிள்ளைகள் மூவருக்கும் சமமாகச் சேர, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆனது. மூத்த மகன் 1990-ல் இறந்தார். அவருடைய மூன்றில் ஒரு பங்கை அவர் மனைவி, மகன், மகள் மூவரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒன்பதில் ஒன்று.

குடும்பத்தில் பேசிக்கொண்டது வேறு கணக்கு. மகளுக்குச் சீர் செய்தாயிற்று, வீடு இரண்டு மகன்களுக்கும் பாதிப் பாதி என்று. சீர் செய்ததால் மகளின் பங்கு போய்விடாது. அவர் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் இருந்தால் வேறு விஷயம். அத்தை இத்தனை வருஷம் கேட்கவே இல்லையே என்பார்கள் மகன்வழிப் பேரப்பிள்ளைகள். ஆண் வாரிசுகளும் குடியிருக்கும் குடும்ப வீட்டில், அவர்களாகப் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல்தான் அது நீங்கியது. அத்தைக்குப் பங்கு 1962-லேயே வந்துவிட்டது. பிரித்துக் கேட்கத்தான் தடை இருந்தது.

மூத்தவரின் மகன் 2019-ல் 'வீட்டில் சரிபாதி' என்று எழுதி வெளியாள் ஒருவருக்கு 60 லட்சத்துக்கு விற்கிறார். அன்றைய விகிதப்படி முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 11 சதவீதம், அதாவது 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அரசுக்குப் போகிறது. பத்திரம் பதிவாகிறது. வாங்கியவருக்குக் கிடைத்தது பாதி அல்ல, ஒன்பதில் ஒன்று. பாதி 60 லட்சம் என்றால் முழு வீடு 1 கோடியே 20 லட்சம். அதில் அவர் பங்கு சுமார் 13 லட்சத்து 33 ஆயிரம்.

வாங்குவதற்கு முன் அவர் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் இல்லை. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975-லிருந்து பார்த்தார்; ஒரு பதிவும் இல்லை. சுத்தமான சொத்து என்று நினைத்துக்கொண்டார். வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. 1931 கிரயம் தேடிய காலத்துக்கு வெளியே நிற்கிறது. அதன் பிறகு நடந்தவை எல்லாம் சாவுகள். யாரும் பத்திரம் எழுதிச் சாவதில்லை. இன்னும் சொல்லப்போனால் ஐம்பது வருஷமாக ஒரு பதிவுகூட இல்லாத வில்லங்கச் சான்றைப் பார்த்தால் பயப்படத்தான் வேண்டும். பங்குகள் ஓசையில்லாமல் பெருகியிருக்கும். பதிவான உயில்கூட இதில் வராது. உயிலுக்குத் தனிப் புத்தகம்.

பட்டாவும் வீட்டு வரி ரசீதும் மூத்த மகன் பெயரில் இருந்தன. ஊரில் இருந்தவர் அவர்தான், அலைந்து மாற்றிக்கொண்டார். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன.

சரி, ஒன்பதில் ஒன்றாவது கையில் இருக்கிறதே, ஓர் அறையைத் திறந்து குடியேறலாமா? முடியாது. பிரிபடாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்குக் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவர் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பங்காளிகள் கேட்கலாம். மீதிப் பணத்துக்கு விற்றவர்மேல் தனியாக வழக்கு.

இதைத்தான் அனுமான உரிமை என்கிறார்கள். கையில் இருக்கும் பத்திரம், பட்டா, ரசீது எல்லாவற்றையும் வைத்து நீங்கள்தான் உரிமையாளர் என்று தற்போதைக்கு எடுத்துக்கொள்ளப்படும். வலுவான உரிமையோடு இன்னொருவர் வந்தால் நீதிமன்றம் மாற்றிச் சொல்லலாம்.

இன்னொரு வழி அறுதி உரிமை. அரசு ஒரு பதிவேடு வைத்து, அதில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று பொறுப்பேற்கும். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் கொண்டுவந்த முறை இது. ஐயா சம்பாதித்த மலாயாவிலும் இதே முறைதான். இன்றைய மலேசியாவில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 340-ஆம் பிரிவு. அங்கே வாரிசின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாதவரை அவரால் விற்க முடியாது. மோசடி, போலிக் கையெழுத்து என்றால் அந்த உரிமையும் உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் இதற்கான பேச்சு நடக்கிறது. மத்திய அரசின் நிலப் பதிவேடு நவீனமயமாக்கல் திட்டம் 2008-ல் இதையே இலக்காகச் சொன்னது; நிதி ஆயோக் 2020-ல் மாதிரிச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. ஆந்திரம் 2022-ல் சட்டமே போட்டு, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2024-ல் அதை ரத்தும் செய்துவிட்டது. தமிழ்நாட்டில் இப்போதைக்கு அனுமான உரிமைதான்.

ஆகவே செட்டிநாட்டு வீட்டுக்குச் சரிபார்ப்பு, கட்டியவரிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, உயில் உண்டா, சுவீகாரம் போனவர் வந்தவர் யார், மகள்கள் எத்தனை பேர் என்று வம்சாவளி எழுதிப் பங்கைக் கணக்கிட்டு, அத்தனை பேரையும் பத்திரத்தில் கையெழுத்திட வைக்க வேண்டும். அல்லது அவர்களுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவான பிறகு வாங்க வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று ஆட்களை அடையாளம் காண உதவும், பங்கை முடிவு செய்யாது. பாதிப் பேர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். அவர்கள் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். அப்புறம், கிரயம் எழுதும் நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. அவர் பங்குக்கு அவருடைய வாரிசுகளிடம்தான் போக வேண்டும்.