நாலும் இல்லை என்று வந்த ரிப்போர்ட்

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். எண் பலகைகளைப் பார்க்காமல் எண்ணிக்கொண்டே இறங்கிப் பாருங்கள், கீழே வரும்போது 35 என்பீர்கள், இல்லை 37 என்பீர்கள், ஏனென்றால் எல்லா வளைவும் ஒரே மாதிரி. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கும் இதே தொல்லைதான். பேட்-26 என்று ஒரு இடத்தில் 'ஏ' என்ற எழுத்தே வரிசையாக 26 தடவை வரும், அங்கே அது ஒன்றைக் கூட்டிவிடும் அல்லது விட்டுவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் மைக்ரோசாட்டலைட் என்று பெயர்.

பிழையைத் திருத்த நான்கு புரதங்கள் ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன. எம்எஸ்எச்2-வும் எம்எஸ்எச்6-ம் பிழையைக் கண்டுபிடிக்கும், எம்எல்எச்1-ம் பிஎம்எஸ்2-வும் வந்து வெட்டித் திருத்த வழி செய்யும். இதில் எம்எல்எச்1 போய்விட்டால் பிஎம்எஸ்2 தனியாகத் தாக்குப்பிடிக்காமல் சிதைந்துவிடும். எம்எஸ்எச்2 போனால் எம்எஸ்எச்6-க்கும் அதே கதி. ஆகவே கட்டியில் இந்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஜோடியாகத்தான் காணாமல் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா, வயது 61 (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). கொலோனோஸ்கோப்பியில் பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுநோய் தெரிந்து பயாப்சி எடுத்தார்கள், அதற்குள் குடல் அடைத்துக்கொண்டதால் அவசரமாக ஆபரேஷன், பிறகு ஸ்கேனில் கல்லீரலிலும் கட்டிகள். வெட்டியெடுத்த குடல் மலையிறங்கிப் போய், ரிப்போர்ட் வந்தது: நான்கு புரதமும் இல்லை.

"நாலும் இல்லன்னா ஊசி இன்னும் நல்லா கேக்கும்ல, டாக்டர்?" என்றார் மகன். அவர் கேட்டதில் தப்பில்லை. திருத்தும் வேலை நின்றுபோன கட்டியில் பிழைகள் குவியும். ஒரு எழுத்து விட்டுப்போனாலே மூன்று மூன்றாகப் படிக்கும் மரபணு அதற்குப் பிறகு முழுக்கப் பிசகி, உடம்பு இதுவரை பார்த்தேயிராத புரதங்கள் உருவாகும். நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றை அடையாளம் கண்டு வந்தாலும் கட்டி அவற்றின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும், மகன் சொன்ன ஊசியான பெம்ப்ரோலிசுமாப் அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்து. திருத்தும் புரதங்கள் சரியாக இருக்கும் குடல் புற்றுநோயில் இந்த மருந்து மட்டும் கொடுத்தால் அநேகமாகப் பலனே இல்லை: 2015-ல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட 18 பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. ரிப்போர்ட் தப்பு என்றால் விலையுயர்ந்த மருந்தும் வீண், அதைவிட மோசமாக, கீமோ கொடுத்திருக்க வேண்டிய மாதங்களும் வீண்.

எனக்கு உறுத்தியது அந்த நான்குதான். உண்மையில் நான்கும் போவது மிக அபூர்வம். ஸ்லைடை வாங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பார்க்க வேண்டியது கட்டியை அல்ல, அதன் அக்கம்பக்கத்தை. கட்டிக்கு நடுவே இருக்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களும் ஓரத்தில் இருக்கும் நல்ல குடல் செல்களும் அந்த அம்மாவின் சாதாரணச் செல்கள், அவற்றின் உட்கருவில் பழுப்பு நிறம் ஏறியே தீர வேண்டும். இங்கே அவையும் வெளிறிக் கிடந்தன. அப்படியானால் புரதம் இல்லை என்று அர்த்தமில்லை, சாயம் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

காரணம் குடலை அனுப்பிய டப்பா. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் அதற்குள் ஊறிப் போவது மணிக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், குளிரில் அதைவிட மெதுவாக. குடலைப் பிளக்காமல், திசுவைப் போலப் பத்து மடங்காவது ஃபார்மலின் ஊற்ற வேண்டிய இடத்தில் மூழ்கினால் போதும் என்று ஊற்றி அனுப்பினால், உள்ளே எட்டுவதற்குள் புரதம் கெட்டுவிடும்.

நல்லவேளையாக முதலில் எடுத்த பயாப்சியை மெழுகில் பதித்து வைத்த பிளாக் இருந்தது. அரிசி அளவுத் துணுக்குகள், எடுத்த உடனே ஃபார்மலினில் போட்டவை, சில மணி நேரத்திலேயே பதமாகிவிடும். அதில் மறுபடி சாயம் ஏற்றியபோது லிம்போசைட்டுகள் பளிச்சென்று பழுப்பு, கட்டியில் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இருந்தன, எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இல்லை. ஒழுங்கான ஜோடி. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் ஐந்து மைக்ரோசாட்டலைட்டுகளைப் பார்ப்பார்கள், இரண்டு நீளம் மாறியிருந்தாலே உறுதி. இவருக்கு ஐந்தும் மாறியிருந்தன. பிராஃப் மரபணுவில் வி600இ மாற்றமும் இருந்தது, ஆகவே இது பரம்பரையாக வரும் லிஞ்ச் நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மகனுக்கு அது பெரிய நிம்மதி.

ஆக, முதல் ரிப்போர்ட் சொன்ன மருந்தேதான் கடைசியில் முடிவானது. அதனால் இத்தனையும் வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். சாயம் பிடிக்காத அதே ஸ்லைடு, புரதங்கள் நன்றாக இருக்கும் ஒருவருடையதாக இருந்திருந்தாலும் இதே ரிப்போர்ட்தான் வந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் தொடங்கினார்கள். மகனிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். பரவிய நோய்க்கு முதல் மருந்தாக இதையும் கீமோவையும் 307 பேரிடம் ஒப்பிட்ட கீநோட்-177 ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த காலம் நடுக்கணக்கில் 16.5 மாதம், கீமோவில் 8.2. ஆனால் தொடக்கத்திலேயே மருந்துக்கு மசியாமல் நோய் வளர்ந்தவர்கள் இதில் 29 சதவீதம், கீமோவில் 12 தான். சரியான ரிப்போர்ட் இருந்தும் அப்படி ஆகலாம். அதனால் முதல் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம் என்றேன், அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் அன்றைக்கே போன் பண்ணச் சொன்னேன், பிரேக் விட்ட செல்கள் நல்ல குடலையும் தாக்கும்.