இசைவு: ‘சரிங்க’ என்பது எப்போது சம்மதம் ஆகும்?

பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாளின் தலைப்பில் ‘சம்மதபத்ரம்’ என்று மலையாளத்தில் இருக்கும். படிக்கச் சிரமமில்லை; சிக்கல் உள்ளே இருக்கும் சொற்களில்தான். முடிவெடுக்கும் திறனை மலையாளத்தில் ‘பிராப்தி’ என்பார்கள். நம்மவர் காதில் அது ‘கொடுப்பினை’ என்று விழும். ‘பிராப்தி இல்லை’ என்று ஒரு தமிழ்த் தாயிடம் சொன்னால், தன் தலையெழுத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார்.

சம்மதம் வடசொல். ‘மத’ என்பது எண்ணப்பட்டது. ‘சம்’ சேர, எண்ணம் ஒன்றுபடுவது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கன்சென்ட்’ லத்தீன் வழி வந்தது. உடன் உணர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். ‘இன்ஃபார்ம்ட் கன்சென்ட்’ என்ற தொடரை 1957இல் கலிபோர்னிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சட்டச்சொல்லாக நிலைநிறுத்தியது. தமிழில் பெரும்பாலும் ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் நெருடல் உண்டு. ஒப்புதல் என்றதும் கோப்பில் மேலதிகாரி போடும் கையெழுத்து நினைவுக்கு வரும். அடுத்து ‘ஒப்புதல் வாக்குமூலம்’. குற்ற உணர்வில் மூழ்கிய நோயாளிக்கு இது பொருந்தாத சொல். இசைவு என்பதே சரி. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். ஆக, ‘அறிந்து தரும் இசைவு’.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பதற்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது அம்மா. கடும் மனச்சோர்வு. குடல் காய்ந்துபோய்விட்டது என்று பத்து நாளாகச் சாப்பிடவில்லை. டாக்டர் மின்வலிப்பு சிகிச்சை சொன்னார். ஊர்ப்பேச்சில் ‘கரண்ட் வெக்கறது’. மயக்க ஊசியும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, தலையில் சில விநாடி மின்சாரம் செலுத்தி, மூளையில் ஒரு வலிப்பை வரவழைப்பது. வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. தலைவலி, சற்றுநேரக் குழப்பம், அந்த வாரங்களின் நினைவுகளில் ஓட்டை ஆகியவை வரலாம்; சிலருக்குப் பழைய நினைவுகளிலும் இழப்பு நிற்கலாம். இவ்வளவையும் சொன்னதும் அம்மா உடனே, “சரிங்க, வெச்சுப் போடுங்க” என்றார். மகன் பேனாவை நீட்டினார்.

“எதுக்குனு நெனைக்கிறீங்கம்மா?” என்று கேட்டோம். “சாவறதுக்குத்தானுங்களே. நான் பண்ணுன பாவத்துக்கு இது வேணும்.”

கையெழுத்து வாங்கியிருந்தால் படிவம் குறையில்லாமல் இருந்திருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) 4ஆம் பிரிவு திறனை மூன்றாகப் பார்க்கிறது: தகவலைப் புரிதல், முடிவின் விளைவை உணர்தல், முடிவை வெளிப்படுத்துதல். மூன்றையும் ‘அல்லது’ என்று கோத்திருப்பதால், எழுத்துப்படி வாசித்தால் தலையசைப்பே போதும் என்றாகிவிடும். அதனால் மூன்றையும் தனித்தனியே, அவரவர் சொன்ன சொற்களோடு எழுதிவைப்பதுதான் சரி. ‘நோயாளி சம்மதித்தார்’ என்ற ஒற்றை வரியிலிருந்து பின்னால் எதுவும் தெரியாது. மறுதலையையும் அதே பிரிவு சொல்கிறது: மற்றவர்களுக்குத் தவறாகப் படும் முடிவை எடுத்தார் என்பதாலேயே ஒருவருக்குத் திறன் இல்லை என்றாகாது. ‘வேண்டாம்’ என்பவரிடம் மட்டும் திறனைச் சோதித்துவிட்டு, ‘சரி’ என்பவரை விட்டுவிடுவது நாங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இவ்வகைச் சோர்வு காலையில் கனத்து மாலையில் சற்று இளகும். ஆகவே ஐந்து மணிக்கு மறுபடி கேட்டோம். மகனை வெளியே உட்காரவைத்து, தமிழ் பேசும் செவிலியர் விளக்கி, அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொன்னார். மயக்க ஊசி என்பது வரை வந்தது; பிறகு மீண்டும் “கொன்னு போடுவீங்க.” திறன் அன்று இல்லை என்று நேரத்தோடு பதிவானது.

நிலைமை அவசரம்தான். ஆனால் இந்தச் சிகிச்சையை அவசர சிகிச்சை என்ற பெயரில் கொடுக்க 94ஆம் பிரிவு இடம் தராது. முன்கூட்டி எழுதிய விருப்ப ஆவணம் எதுவும் இல்லை. முடிவெடுக்க அதிக ஆதரவு தேவைப்படுபவரைச் சேர்ப்பதற்கான 89ஆம் பிரிவின்படி சேர்த்து, அவர் சார்பில் பேச வேண்டிய நியமனப் பிரதிநிதியான கணவரிடம் முழு விளக்கத்தோடு தற்காலிக இசைவு வாங்கப்பட்டது. மயக்க மருந்துக்குத் தனித் தாள். பிரதிநிதியிடம் இப்படி இசைவு வாங்கினால் ஏழு நாளுக்கு ஒருமுறை நோயாளியின் திறனை மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது சிகிச்சைக்குப் பிறகு கஞ்சி குடித்தார். ஏழாம் நாள் மாலை கேட்டபோது, “மயக்கம் போட்டுட்டு கரண்ட் வெப்பீங்க. மறதி வரும்னீங்க, வந்திருக்குது. இன்னும் எத்தனை வெக்கோணுமுங்க? நடுவுல போதும்னா நிறுத்துவீங்களா?” என்றார். நிறுத்துவோம் என்றோம். அந்தக் கேள்வியும் பதிவேட்டில் அப்படியே ஏறியது. கணவரின் தாளுக்குமேல் அம்மாவின் கையெழுத்திட்ட புதுத் தாள் வைக்கப்பட்டது.